திருப்பிச் சொல்லாத பாடம்

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் இப்போது போனில் பேசுவதற்கென்றே தனிப் பாடம் வைக்கிறார்கள். ‘ஹௌ மே ஐ ஹெல்ப் யூ’, ‘ஐ பெக் யுவர் பார்டன்’, ‘குட் யூ ரிப்பீட் தட் ப்ளீஸ்’ என்று மாணவர்கள் ஒப்பிக்கிறார்கள். கூடவே ‘ஆல்ஃபா, பிராவோ, சார்லி’ பட்டியலும் உண்டு. இவ்வளவு தெரிந்தால் எந்த நாட்டு வாடிக்கையாளரையும் சமாளிக்கலாம் என்கிறார்கள் பயிற்றுநர்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

பட்டியல் நல்லதுதான். சாதாரணத் தொலைபேசித் தடம் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையான ஒலியைத்தான் கடத்துகிறது. எஸ்ஸையும் எஃப்பையும் பிரித்துக் காட்டும் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பதால் வழியிலேயே அறுந்துபோகிறது. போதாக்குறைக்கு நம்மில் பலர் எஸ்ஸை ‘யெஸ்’ என்கிறோம். எதிர்முனைக்காரர் அதை ‘ஆமாம்’ என்றே எடுத்துக்கொள்வார். ‘எஸ் ஃபார் சியரா’ என்றால் குழப்பம் தீரும். மரியாதைச் சொற்களும் வேண்டியவைதான்.

என் மறுப்பு அந்த ‘ரிப்பீட்’ மீதுதான். அப்படிக் கேட்டால் எது விழவில்லை என்பது எதிர்முனைக்குத் தெரியாது. அவர் முழு வாக்கியத்தையும் அதே வேகத்தில், கொஞ்சம் உரக்கச் சொல்வார். தவறிய இடம் மறுபடி தவறும். மூன்றாம் தடவை கேட்க வெட்கம். ‘ஓகே, ஓகே’ என்று வைத்துவிடுவோம். தப்பான முன்பதிவுகள் பிறப்பது அந்த ஓகேயில்தான்.

சென்னையில் ஒரு ஓட்டலுக்கு லண்டனிலிருந்து அழைப்பு வருவதாக வைத்துக்கொள்வோம். அழைத்தவர் சொல்வது ‘ஜூலை தர்ட்டீன்த்’. வரவேற்பாளர் காதில் விழுவது ‘தர்ட்டியத்’. ‘ரிப்பீட் ப்ளீஸ்’ என்றால் அதே ‘தர்ட்டீன்த்’தான் திரும்ப வரும், வரவேற்பாளர் காதில் அதே ‘தர்ட்டியத்’தான் விழும். ‘ஜூலை த்ரீ ஜீரோ, ரைட்?’ என்று தான் எழுதியதைப் படித்துக் காட்டினால் போதும், ‘நோ, ஒன் த்ரீ’ என்று உடனே திருத்தம் வரும். கிழமையையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் உறுதி. போன் நம்பரில் ஒரு பகுதி தவறினால் ‘ஆஃப்டர் செவன் எயிட்?’ என்று அந்த இடத்தை மட்டும் கேட்கலாம். ‘டபுள் ஃபைவ்’ என்று வந்ததை ‘ஃபைவ் ஃபைவ்’ என்று பிரித்துப் படிக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், 1956 முதல் விமானப் போக்குவரத்தில் இந்த வடிவில் வழங்கும் ‘ஆல்ஃபா, பிராவோ’ பட்டியலைக் கடன் வாங்கியவர்கள், அங்கே அதைவிடக் கண்டிப்பான வழக்கத்தை விட்டுவிட்டார்கள். ஓடுபாதை அனுமதி கிடைத்த விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்லியாக வேண்டும். பிசகினால் கட்டுப்பாட்டாளர் திருத்துவார். வெறும் ‘ரோஜர்’ அங்கே செல்லாது. நம் வகுப்பிலோ ‘ஓகே, தேங்க்யூ’வுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். பாடம் எழுதியவர்கள் என்றாவது ஒரு ஆர்டரை போனில் எடுத்திருப்பார்களா என்றே சந்தேகம்.

பயிற்றுநர்களே, அடுத்த பேட்ச்சில் ‘பார்டன்’ ஒப்பிக்கும் நேரத்தைப் பாதியாக்குங்கள். இருவரை முதுகுக்கு முதுகாக உட்காரவைத்து, ஒருவர் சொல்லும் பெயரையும் பத்து இலக்க எண்ணையும் மற்றவர் எழுதித் திருப்பிப் படிக்கட்டும். மதிப்பெண்ணை அதற்குக் கொடுங்கள்.