அரைப்பேரும் அரைநாளும்: வாய்மொழிப் பரீட்சைச் சுருக்கம் பற்றிய ஒரு நோக்கு

வாய்மொழிப் பரீட்சையின் ஒலிப்பதிவைக் கேட்டு, பரீட்சகர்தம் வினாக்களையும் பரீட்சார்த்தியின் விடைகளையும் மதிப்பீட்டுத் தாளுக்கெனச் சுருக்கி எழுதுவது வெறும் எழுதுவினைஞர் பணியென்றே பலராலும் கருதப்படுகின்றது. இக்கருத்து நமக்கு உடன்பாடன்று. சுருக்குபவர் தேர்ந்தெடுக்கும் ஒரு சொல்லே சரியான விடையைப் பிழையாக்கிவிடக் கூடும்.

லிந்துலைத் தோட்டமொன்றின் கூலிப் பதிவு பற்றிய ஆய்வேட்டிற்கு நிகழும் பரீட்சையொன்றை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்துகொள்வோம். முதற் பரீட்சகர், "செக்ரோலில் ஒருத்தியின் பெயர் விழுந்தால் அன்றைய கூலி முழுவதும் அவளுக்குரியதா?" என வினவுகின்றார். லயத்திலே வளர்ந்த பரீட்சார்த்தி, "இல்லை ஐயா, கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான் போடுவார்கள்" என்று விடையிறுக்கின்றார். தோட்டப் பேச்சைச் செந்தமிழாக்கும் ஆர்வத்தினாற் சுருக்குபவர், "அரைநாள் வேலை செய்தோருக்கு அரைநாட் கூலி வழங்கப்பட்டது" என எழுதிவிடுகின்றார். வாக்கியம் திருத்தமானதே, விடை மறைந்துபோயிற்று. அரைநாள் வேலை செய்தவள் வேறு. பொழுது முழுதும் மலையில் நின்றும் நிறை போதாமையால் அரைப்பேர் பெற்றவள் வேறு. ஆய்வேட்டின் உயிர்நிலையே இவ்வேறுபாடாகும். 'அரைப்பேர்' என்பதை மேற்கோட்குறிக்குள் அவ்வாறே நிறுத்தி, அருகே பொருளை எழுதியிருத்தல் வேண்டும். தோட்டத் தொழிலாளரின் சொல்லைக் கொச்சையெனத் தள்ளும் பழைய மனப்பாங்கு, இங்கு மாணவரின் புள்ளியையும் குறைத்துவிடுகின்றது.

பரீட்சகர் தொடர்ந்து, "அவ்வாறாயின் செக்ரோலைக் கொண்டு வேலைநேரத்தைக் கணக்கிட இயலுமா?" என்கின்றார். பரீட்சார்த்தி வாளாவிருக்கின்றார். மற்றொரு பரீட்சகர் இடையிட்டு, "அந்த அரைக்குறி காட்டுவது நேரத்தையா, நிறையையா?" என்று வழிகாட்டுகின்றார். "நிறையைத்தான்; ஆகையால் நேரத்தைக் கணக்கிட இயலாது" என்னும் விடை அதன் பின்னரே வருகின்றது. இறுதி விடையை மட்டும் குறித்தால், தாமே கண்டு கூறியதாகத் தோன்றும். மௌனத்தை மட்டும் குறித்தால், அறியாதவராகத் தோன்றும். வினா, மௌனம், துணைவினா, விடை ஆகியவற்றை நிகழ்ந்த வரிசையிலே, ஒலிப்பதிவின் நிமிடக் குறிப்புடன் எழுதுவதே நேர்மையாகும். "நன்கு விளக்கினார்" என்பது போன்ற அடைமொழிகளுக்கு இங்கு இடமில்லை, அத்தீர்ப்பு குழுவினருக்குரியது. பரீட்சகர் நிகழ்த்தும் நீண்ட சொற்பொழிவு (இது நம்மிடையே அரிதன்று) வினாவில் முடியாதவிடத்து அதனைக் கருத்தெனக் குறித்தாற் போதும்.

சுருக்கத்தைச் சோதிக்க ஓர் எளிய வழியுண்டு. பரீட்சைக்கு வந்திராத ஒருவரிடம் அதனைக் கொடுத்து, எவ்விடைகள் உதவியுடன் வந்தவை என்று கேட்கலாம். அவராற் கூற இயலாவிடின், அவ்விடங்களை மீண்டும் கேட்டுத் திருத்துதல் வேண்டும். அவ்வாறு திருத்தியபோதும் குரலின் தயக்கத்தைத் தாள் முழுமையாகக் காட்டாது. ஆதலின் புள்ளி இறுதியாகும்வரை ஒலிப்பதிவை அழித்தலாகாது.