இடியப்பக் கணக்கு

பாலமுனையில் சுபஹுத் தொழுகைக்குப் பின் இடியப்பம் விற்பனைக்குச் செல்லும் வீட்டுச் சமையலறையொன்றின் சுவரில் தொங்கும் வேலைக் குறிப்பு, ஆறரை மணிக்குப் பொதி வாசலைத் தாண்ட வேண்டும் என்ற நியமத்திலிருந்து பின்னோக்கி எழுதப்பட்டிருப்பதே எனக்குப் பரமதிருப்தி தருவது. நூறு இடியப்பம், ஓர் ஈட்டுக்கு இருபது, ஈடொன்றுக்குப் பத்து நிமிஷம், ஆகவே அவியலுக்கு மாத்திரம் ஐம்பது நிமிஷம். ஓர் ஈடு வேகும்போதே அடுத்ததற்குரிய மாவு உரலில் பிழியப்படாவிட்டால் இக்கணக்குப் பொய்த்துவிடும்.

வறுத்த அரிசிமா முந்திய இரவே சலித்து வைக்கப்படுகிறது. கொதிநீர் சற்றே ஆறிப்போனாலும் மா ஒட்டாது, இழை அறுந்து அதனைக் காட்டிக்கொடுக்கும். சொதியில் இரண்டாம் பால் முதலில் கொதிக்க, தலைப்பால் இறுதியிலேயே சேரும். அதன்பின் கொதித்தால் திரைந்துவிடும் என்பதால் ஒருவர் அகப்பையை விட்டு அகலுவதில்லை. தேங்காய்ச் சம்பல் விரைவில் புளிக்குமாதலால் கடைசியாக அரைபடுகிறது.

குறிப்பின் இறுதி வரியே அனுபவத்தின் சாரம்: ஆவியடங்கக் கால்மணி நேரம். சூட்டோடு பொதிந்தால் ஈரம் உள்ளேயே வடிந்து, இடியப்பங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அக்கால்மணியையும் கூட்டியதனாலேயே முதல் ஈடு ஐந்து மணி இருபத்தைந்து நிமிஷத்துக்கு அடுப்பேறுகிறது.