காட்டாத கொடுமையை வாசிப்பது

புதுமைப்பித்தன் அகலிகையை வைத்து இரண்டு கதைகள் எழுதியிருக்கிறார். 'அகல்யை' 1934-இல் மணிக்கொடியில் வந்தது. 'சாப விமோசனம்' 1943-இல் கலைமகளில் வந்தது. இரண்டாவதைப் பலரும் வாசித்திருப்பார்கள். முதல் கதையை வாசித்தவர்கள் குறைவு. ஒரு கொடுமையைக் கதைக்குள் எங்கே வைப்பது, எவ்வளவு காட்டுவது, எதை மறைப்பது என்பதையெல்லாம் கவனித்து ரசிக்கப் பழக விரும்புகிறவர்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்க வேண்டும். எழுதியவர் ஒருவரே, சம்பவமும் ஒன்றே. நடுவில் ஒன்பது ஆண்டுகள்.

முதல் கதையில் எல்லாம் நடந்த வரிசையிலேயே வருகிறது. இந்திரன் ஆசைப்படுகிறான், சூழ்ச்சி செய்கிறான், அரைத் தூக்கத்தில் இருக்கும் அகல்யை ஏமாறுகிறாள், கௌதமன் வந்துவிடுகிறான். புராணத்தில் அவன் சபிப்பான். இங்கே சபிப்பதில்லை. மனம் களங்கப்படாதவளை எதற்குத் தண்டிப்பது என்ற நிலைக்கு வருகிறான். 1934-இல் இப்படி எழுதுவதற்குத் துணிச்சல் வேண்டும். ஆனாலும் வாசித்து முடிக்கும்போது ஒரு நிம்மதி வந்துவிடுகிறது பாருங்கள், அதுதான் அந்தக் கதையின் குறை. குற்றம் நடந்தது, விசாரணை முடிந்தது, தீர்ப்பும் நல்லபடியாக வந்துவிட்டது. நாம் புத்தகத்தை மூடிவிடலாம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சம்பவத்தைச் சொல்வதென்றால் இந்திரனின் ஆசையையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லும் நேரத்தில் வாசகரின் கண் கொஞ்ச தூரமாவது அவனோடு போய்விட்டு வருகிறது. எழுதுகிறவருக்கு அப்படி ஓர் எண்ணமே இல்லாவிட்டாலும் இது நடக்கும். கொடுமையை விலாவாரியாக எழுதுவதில் ஆபாசத்தைவிடப் பெரிய ஆபத்து இதுதான் என்பது என் கருத்து. செய்கிறவனுக்கு ஆசை, திட்டம், செயல் என்று எல்லாம் இருக்கும். பாதிக்கப்படுகிறவளுக்கு அந்த நேரத்தில் கதையில் செய்வதற்கு எதுவுமே இருக்காது.

இனி 'சாப விமோசனம்'. அகலிகை கல்லாகிப் பல காலம் ஆன பிறகுதான் இந்தக் கதை ஆரம்பிக்கிறது. ராமனின் காலடித் தூசு பட்டு அவள் உயிர் பெறுவது கதையின் தொடக்கப் பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. இந்திரன் வந்த இரவு நினைவாக நிழலாடுகிறதே தவிர, காட்சியாக எங்கும் விரிவதில்லை. சாபம் தீர்ந்தது, கணவன் ஏற்றுக்கொண்டான், ராமனே வணங்கிவிட்டான். வேறொரு எழுத்தாளர் இங்கே சுபம் போட்டிருப்பார். புதுமைப்பித்தன் இங்கிருந்துதான் எழுதவே தொடங்குகிறார். கொடுமை பேசும் எந்தக் கதையைக் கையில் எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: சம்பவத்துக்கு எத்தனை நாள் கழித்துக் கதை ஆரம்பிக்கிறது?

அடுத்து, கொடுமை எங்கே போய் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று தேடுங்கள். 'சாப விமோசன'த்தில் அது பேச்சுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. கணவன் ஏதோ சாதாரணமாகச் சொல்கிறான். அதற்குள் வேறு அர்த்தம் இருக்குமோ என்று அகலிகை பதறுகிறாள். தான் சொல்லப்போகும் ஒரு சொல்லையும் மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்து, யாரும் வேறு விதமாக எடுத்துக்கொள்ள வழியில்லை என்று ஆன பிறகே வெளியே விடுகிறாள். எதிரில் வரும் ஆண்களெல்லாம் இந்திரனாகவே தெரிகிறார்கள். கணவன் இதமாகத்தான் நடந்துகொள்கிறான், அவனுக்கும் குற்றவுணர்வு இருக்கிறது. ஆனால் இருவரும் உட்கார்ந்து சாதாரணமாக நாலு வார்த்தை பேசிக்கொள்ள முடியவில்லை.

இந்தப் பகுதியை மெதுவாக வாசியுங்கள். அழுகை, ஓலம், காயம் எதுவும் இங்கே கிடையாது. ஒரு குடும்பத்தில் இரண்டு பேர் பேசிக்கொள்ளும் முறை மாறிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அன்று நடந்தது எவ்வளவு பெரியது என்பதை இதை வைத்தே அளந்துவிடலாம். வீட்டுக்குள் அடி வாங்கி வளர்ந்தவர்களைத் தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். கதவு சத்தம் கேட்டதும் முகம் மாறுவது, யாராவது கையை ஓங்கினால் தலையைக் குனிந்துகொள்வது, கேள்வி கேட்பதற்கு முன்பே மன்னிப்புக் கேட்பது என்று அதற்கு எத்தனையோ வடிவங்கள். நல்ல எழுத்தாளர் அப்படி ஒரு பழக்கத்தைப் பிடித்துக் காட்டிவிட்டு விலகிவிடுவார். காரணம் நமக்கே தெரிந்துவிடும்.

ஊராரும் கொடுமையில் பங்கெடுக்கிறார்கள். ஆற்றங்கரையில் பெண்கள் அகலிகையை அடையாளம் கண்டுகொண்டதும் விலகி ஓடுகிறார்கள். கதையில் இது சின்ன இடம். ஆனால் இந்திரன் ஒருநாள் செய்ததை இவர்கள் நாள்தோறும் செய்கிறார்கள் என்பதை ஒரு வார்த்தை திட்டாமலே கதை சொல்லிவிடுகிறது.

கதையின் உச்சம் சீதை வருமிடம். வனவாசமும் யுத்தமும் முடிந்து ராமனும் சீதையும் அவர்களைப் பார்க்க வருகிறார்கள். சீதை நடந்ததையெல்லாம் துயரத்தின் சுவடே இல்லாமல் சொல்லிக்கொண்டு வருகிறாள். பேச்சுவாக்கில் தீக்குளித்ததையும் சொல்லிவிடுகிறாள். தீ எப்படி எரிந்தது, யார் யார் நின்று பார்த்தார்கள், அவளுக்கு எப்படி இருந்தது என்று எதுவும் இல்லை. அகலிகைதான் துடித்துப்போகிறாள். அவரா கேட்டார், நீ ஏன் செய்தாய் என்கிறாள். உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்று சீதை சிரிக்கிறாள்.

அந்தச் சிரிப்பில் கொஞ்சம் நில்லுங்கள். பாதிக்கப்பட்டவள் அதை அமைதியாகச் சொல்லும்போது, கேட்கிறவள்தான் அதன் முழு வலியையும் வாங்கிக்கொள்கிறாள். சீதை அழுதிருந்தால் நாமும் கூட அழுதுவிட்டு நகர்ந்திருப்போம். அவள் சிரித்துவிட்டதால் நம்மால் நகர முடிவதில்லை. தன்னை மன்னித்தவனே தன் மனைவியிடம் சாட்சி கேட்டிருக்கிறான் என்றால் தனக்குக் கிடைத்த மன்னிப்புக்கு என்ன பொருள் என்ற கேள்வி அகலிகைக்குள் புகுந்துகொள்கிறது. கடைசியில் கௌதமன் அன்போடுதான் அவளை அணைக்கிறான். அவள் கண்ணுக்கு அவன் கணவன் வேடத்தில் வந்த இந்திரனாகத் தெரிகிறான். மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். முதல் கதை காட்சியாகச் சொன்ன அந்த இரவு இந்தக் கதையில் இப்போதுதான், அதுவும் ஓர் அன்பான அணைப்பின் வழியாக, நம் முன்னால் வருகிறது. இதற்கு மேல் ஒரு வன்முறைக் காட்சியை எவ்வளவு விரிவாக எழுதினாலும் இந்த இடத்தைத் தொட முடியாது.

பின்விளைவு ஒரு வழி என்றால், குறிப்பால் உணர்த்துவது இன்னொரு வழி. இதற்கு அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' நாவலின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். 1948-இல் ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு இணைக்கப்பட்ட நாட்கள். கலவரத்துக்கு நடுவே சந்திரசேகரன் என்ற இளைஞன் தற்செயலாக ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறான். அவனைக் கண்டதுமே அந்த வீட்டுப் பெண் தன் குடும்பத்தை விட்டுவிடும்படி கெஞ்சி, அதற்கு விலையாகத் தன்னையே தர முன்வருகிறாள். அவன் எதுவும் கேட்கவில்லை. அதிர்ந்துபோய் ஓடிவிடுகிறான்.

அந்த வீட்டில் யாரும் யாரையும் தொடவில்லை. ஆனால் இப்படி ஒரு விலை உண்டென்று அவளுக்கு எப்படித் தெரிந்தது? அக்கம்பக்கத்து வீடுகளில் அந்த நாட்களில் என்னென்ன நடந்திருந்தால் ஒரு பெண் வாசலில் ஒருவனைப் பார்த்ததும் இந்த முடிவுக்கு வந்திருப்பாள்? நாவல் அதைச் சொல்வதே இல்லை. கேள்வியை நம்மிடம் விட்டுவிடுகிறது. குறிப்பு வேலை செய்கிறதா என்று பார்க்க இதுவே வழி: காட்டிய சின்ன விஷயத்துக்குப் பின்னால் காட்டாத பெரிய விஷயம் ஒன்று தவிர்க்க முடியாமல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது வெறும் பூடகம்.

மறைப்பதெல்லாம் நாகரிகம் என்று எண்ணிவிடக் கூடாது. நம் பழைய சினிமாக்களில் வில்லன் கதவைத் தாழிடுவான், இடி இடிக்கும், விளக்கு அணையும். அதுவும் காட்டாமல் விடுவதுதான். அடுத்த காட்சியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அவள் கிணற்றில் விழுந்திருப்பாள், அல்லது கெடுத்தவனுக்கே கட்டி வைப்பார்கள், அல்லது அண்ணன் அரிவாளோடு கிளம்பிவிடுவான். அவளுக்கென்று அப்புறம் ஒரு நாள்கூடப் படத்தில் இருக்காது. சம்பவத்தையும் காட்டாமல், பிறகு அவள் வாழ்ந்ததையும் காட்டாமல் விட்டால் அந்த மறைப்பு யாருக்கு உதவுகிறது? தணிக்கைக் குழுவுக்கும் பார்க்கிறவரின் வசதிக்கும்தான். புதுமைப்பித்தனின் மௌனத்துக்கும் இந்த மௌனத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளச் சம்பவத்துக்கு அடுத்த பக்கத்தைப் படித்தாலே போதும்.

இந்த முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களைப் பிற்பாடு உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அதிகாரமே நடந்ததை ஒத்துக்கொள்ளாத இடத்தில் எழுத்தாளரும் குறிப்பாலேயே பேசினால் அவரும் மறைக்கிறவர்களோடு சேர்ந்துவிடுவார். அங்கே ஊர்ப் பெயர், நாள், எண்ணிக்கை எல்லாம் பட்டவர்த்தனமாக வந்தாக வேண்டும். எரிகிற உடலை வர்ணிப்பது வேறு, எரித்தார்கள் என்று சொல்வது வேறு. நல்ல எழுத்து இரண்டாவதில் கஞ்சத்தனம் காட்டாது. நம் தலித் எழுத்தாளர்கள் சிலர் நேரடியாக, முகத்தில் அறைகிற மாதிரி எழுதுவதை நயமில்லை என்று தள்ளுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

புதுமைப்பித்தனின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. சிறுகதைத் தொகுப்புகளிலும் இணையத்திலும் இரண்டு கதைகளும் கிடைக்கும். ஒரே மூச்சில் இரண்டையும் முடித்துவிடலாம். 'அகல்யை'யை முதலில் வாசியுங்கள், வரிசையை மாற்ற வேண்டாம். 'சாப விமோசனம்' வாசிக்கும்போது பக்கத்தில் ஒரு பென்சில் இருக்கட்டும். அகலிகை பேச நினைத்துப் பேசாமல் விடும் இடங்களை மட்டும் கோடிட்டு வையுங்கள்.