செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு

அம்மா தன் வாயால் அப்பா பேரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பேர் கேட்டால் என் தோளைத் தட்டி "நீ சொல்லு" என்பாள். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் சூடுபிடித்திருந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். கல் உடைக்கிற பெண்கள்கூட சைக்கிள் பழகிய காலம். அம்மா சைக்கிள் பக்கம் போகவில்லை, ஆனால் சாயங்கால வகுப்புக்குப் போனாள். தன் பேரை எழுதப் பழகியதும், வீட்டுக்காரர் பேரை எழுதச் சொல்லியிருக்கிறான் சொல்லிக்கொடுத்த பையன். அம்மா சிலேட்டை முழங்காலில் சாய்த்து மறைத்துக்கொண்டு எழுதினாள். அவன் பார்த்துத் தலையாட்டியதும் உள்ளங்கையால் அழித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள்: "எழுதுனா சொன்னதா ஆயிராதுல்ல?"

அவளுடைய இரண்டாவது மகள், என் தங்கச்சி, போன மாதம் தன் வீட்டுக்காரரின் நாற்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தாள். மாமியார், நாத்தனார்கள், தேங்காய் வெட்ட வருகிறவர், பையனின் டியூஷன் வாத்தியார் என்று முந்நூறு பேராவது பார்க்கிற ஸ்டேட்டஸ். படத்துக்குக் கீழே நான்கு வரி. அந்த நான்கு வரிக்கு முந்தின ராத்திரி எனக்கு நான்கு முறை போன் வந்தது.

எனக்கு இந்தச் சின்ன எழுத்தின் மேல் ஒரு பித்து உண்டு. கல்யாணப் பத்திரிகை, நினைவு அஞ்சலி, ஆட்டோவின் முதுகு, ஃபிளெக்ஸ் எதையும் படிக்காமல் தாண்ட மாட்டேன். அதில் மிகக் கடினமானது மனைவி கணவனுக்கு எழுதும் பிறந்தநாள் வரி என்பது என் கட்சி. தலைவருக்கு எழுதுகிறவர்கள் "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்" என்று தப்பித்துக்கொள்வார்கள். மனைவிக்கு அந்த வழி கிடையாது. அவள் வணங்கினால் நாடகம், வாழ்த்தினால் விருந்தாளி. அன்பு இருக்கிறது என்று ஊருக்கும் தெரிய வேண்டும், ஊர் முன்னால் அதை வழியவிட்டு அவரை நெளிய வைக்கவும் கூடாது.

தங்கச்சி முதலில் அனுப்பியது எங்கிருந்தோ எடுத்தது. என் உயிரே, என் உலகமே, என்னில் பாதியே, இன்னும் நூறாண்டு வாழ்க. பின்னால் ஏழு கேக்கும் ஒரு வண்டி இதயமும். "இதை உங்க பக்கத்து வீட்டு ஆளு படத்துக்கு அடியில போட்டா பொருந்துமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அந்தாளுக்கும் பொருந்தும்க்கா, பொண்டாட்டிய அடிக்கிற ஆளு" என்றாள். அதோடு அது போயிற்று.

இனிப்பு மிகுந்த வரிகளின் கோளாறு இனிப்பில் இல்லை, முகவரியில் இருக்கிறது. எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் திறந்துகொள்ளும். இன்னொன்று, அந்த வரிகளில் வரும் 'நீ' நம் ஊர்ப் பெண்களின் வாயில் இல்லாத 'நீ'. பதினெட்டு வருடமாக "என்னங்க", "இந்தாங்க" என்று கூப்பிட்டவள் திடீரென்று "என் உயிரே, நீ இல்லாமல்" என்று ஆரம்பித்தால் அவருக்கே யாரோ எழுதியதுபோல இருக்கும். யாரோதான் எழுதியது.

இரண்டாவதாக வந்தது கிண்டல். "நாப்பத்தஞ்சு ஆச்சு, இன்னும் வாங்கின கடனை எழுதி வைக்கத் தெரியாது, இந்த ஆளை வச்சுக்கிட்டு..." என்று ஓடியது. சிரித்தேன். நன்றாகவே இருந்தது, அதுதான் ஆபத்து. குறை சொல்வது அன்பின் பழைய பாஷை. குறையே இல்லாத வரி உப்பில்லாத ரசம். ஆனால் எந்தக் குறை என்பதில்தான் எழுதுகிறவளின் கை தெரியும். கடனை மறக்கிற பழக்கத்தால் நஷ்டப்படுகிறவர்கள் வெளியாட்கள். அதைப் படிக்கிற முந்நூறு பேரில் கொடுத்தவர் நாலு பேராவது இருப்பார்கள். பொண்டாட்டியே ஒப்புக்கொண்டாள் என்று ஆகிவிடும். பொதுவில் வைக்கத் தகுந்த குறை ஒரே வகைதான்: அதனால் கஷ்டப்படுகிறவள் எழுதுகிறவள் மட்டுமாக இருக்க வேண்டும். குறட்டை, தலைமாட்டில் ரேடியோ, குழம்பில் கறிவேப்பிலையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்குவது, இப்படி.

மூன்றாவது கஜா. அவர்களுக்கு கீரமங்கலம் பக்கம் தென்னந்தோப்பு. 2018 நவம்பர் 16 விடிகாலையில் அடித்த காற்றில் பாதிக்குமேல் சாய்ந்துவிட்டது. விடிந்ததும் பல் விளக்காமல் கடப்பாரையைத் தேடிப் போன மனுஷன் என்று எழுதியிருந்தாள். உண்மை. படிக்கும்போது எனக்கே தொண்டை அடைத்தது. ஆனாலும் வேண்டாம் என்றேன். அந்தப் பக்கம் மரம் போகாத வீடு ஏது? படிக்கிற ஒவ்வொருவரும் தன் மரத்தை எண்ணப் போய்விடுவார்கள், பிறந்தநாள்காரர் ஓரத்தில் நிற்பார். பெரிய துக்கத்தைச் சின்ன வரி தாங்காது. அதோடு, அது அவருடைய துக்கம். அவர் சொல்லட்டும்.

"அப்ப நான் என்னத்தத்தான் எழுதுறது?" என்று கோபித்துக்கொண்டாள். நான் கேட்டேன்: "நீ மட்டும் பார்க்கிறது எதுடி? அவுக ஆத்தா பார்க்காதது, தோப்புல ஆளுக பார்க்காதது?"

இந்த இடத்தில் ஒல்லையூரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நம் மாவட்டத்துத் திருமயம் பக்கத்து ஒலியமங்கலம்தான் அந்தப் பழைய ஒல்லையூர் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அதை வென்ற பூதப்பாண்டியன் பாடிய சபதம் ஒன்று புறநானூற்றில் எழுபத்தொன்றாம் பாட்டு. பகைவரை முறியடிக்காவிட்டால் எனக்கு இன்னின்னது ஆகட்டும் என்று தனக்குத்தானே சாபம் வைத்துக்கொள்கிறான். அவை நீதி தவறட்டும், நண்பர்களின் கூட்டு போகட்டும் என்பதெல்லாம் பின்னால். முதலில் வருவது மனைவியைப் பிரிவது. அவளுக்குப் புகழ்மாலை கிடையாது. பெரிய மை தீட்டிய கண் என்பதோடு சரி. 'இவள்' என்கிறான், பக்கத்தில் நிற்கிறவளைக் கைகாட்டுவதுபோல. அவளிடம் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்கிறான்.

அவன் இறந்த பிறகு அவன் தேவி பெருங்கோப்பெண்டு பாடியது இருநூற்று நாற்பத்தாறு. அவள் தீப்பாயப் போகிறாள், சான்றோர் தடுக்கிறார்கள். அந்த முடிவை ரசிக்க என்னால் ஆகாது, யாரும் ரசிக்கவும் வேண்டாம். ஆனால் அவள் சொல்லும் விதத்தைப் பாருங்கள். அன்பு, உயிர் என்ற பேச்சே இல்லை. கைம்பெண் சாப்பாட்டை ஒவ்வொன்றாகச் சொல்கிறாள்: நெய் படாத, நீர் பிழிந்த சோறு, எள் துவையல், புளி ஊற்றி வேகவைத்த வேளைக்கீரை, பாயில்லாமல் பருக்கைக் கல்லில் படுக்கை. கணவனைப் பற்றி வருவது அவன் தோளின் பருமன் மட்டும். அதையும் அவனிடம் சொல்லவில்லை, பெரிய மனுஷர்களிடம் சொல்கிறாள். இருவருக்கும் படர்க்கைதான் வாகாக இருந்திருக்கிறது.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கும் அதுதான் வாகு. கிணற்றடியில், பஸ் ஸ்டாண்டில் புருஷனைப் பற்றி அவர்கள் பேசும் அழகு, புருஷனிடம் பேசும்போது வராது. "இவுக ஒருநா என்ன செஞ்சாக தெரியுமா" என்று ஆரம்பித்தால் போதும், குரலே மாறும். அந்த 'இவுக'வில் மரியாதையும் இருக்கிறது, என் ஆள் என்கிற பிடியும் இருக்கிறது. தங்கச்சியிடம் சொன்னேன், அவருக்கு எழுதாதே, அவரைப் பற்றி என்னிடம் சொல்.

ராத்திரி பதினொன்றரைக்குச் சொன்னாள். அப்படியே எழுதி அனுப்பு என்றேன். வந்தது இது:

"ராத்திரி ரெண்டு மணிக்கு த்ரீ பேஸ் கரண்டு வந்தா மோட்டார் போட எந்திரிப்பாக. நான் முழிச்சிரக் கூடாதுன்னு செருப்பக் கையில தூக்கிக்கிட்டு நடப்பாக. கதவு கிரீச்சுங்கும், நான் முழிச்சிருவேன். பதினெட்டு வருசமா இதைச் சொல்லல. இதுதான் உண்மையான அன்பு, உங்களை அடைய நான் என்ன தவம் செய்தேனோ! இனிய பிறந்தநாள் வாழ்த்துக்கள் மாமா."

கடைசி இரண்டு வாக்கியத்தையும் எடுக்கச் சொன்னேன். செருப்பைக் கையில் தூக்கிய மனுஷனைக் காட்டியபிறகு 'இதுதான் அன்பு' என்று எழுதுவது, வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டுப் பேரும் எழுதி ஒட்டுவது. தவம் வந்ததும் குரலும் மாறிவிட்டது. 'தூக்கிக்கிட்டு' என்று பேசிக்கொண்டிருந்தவள் 'அடைய' என்கிறாள். இவுக என்று ஊரிடம் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று அவர் பக்கம் திரும்பி 'உங்களை' என்கிறாள். (வாழ்த்துகளா, வாழ்த்துக்களா என்ற வழக்கும் அதோடு ஒழிந்தது.) அவற்றின் இடத்தில் என்ன போடுவது என்றாள். என்ன நாள் என்று மட்டும் சொல் என்றேன். "இன்னைக்கு இவுகளுக்குப் பொறந்தநாள்" என்று முடித்தாள்.

பார்க்க வேண்டியது மூன்றாம் வாக்கியம். செருப்போடு நின்றிருந்தால் அது நல்ல கணவன் சான்றிதழ். கதவு கிரீச்சிட்டதும் அவர் பாடு வீணாகிறது, சிரிப்பு வருகிறது. அடுத்து அந்த 'சொல்லல'. அங்கேதான் இவளுடைய பங்கு உள்ளே வருகிறது, பீற்றல் இல்லாமல். ஒரு சொட்டு எண்ணெயில் முடிகிற காரியத்தைப் பதினெட்டு வருடம் சொல்லாமல் வைத்திருந்தவள் எதற்காக வைத்திருந்தாள் என்பதைப் படிக்கிறவர்கள் எண்ணிக்கொள்ளட்டும்.

படத்திலும் ஒரு சண்டை. ஸ்டுடியோவில் எடுத்த, கோட்டுப் போட்ட படத்தை வைக்கப் பார்த்தாள். கோட்டும் செருப்பும் ஒன்றோடு ஒன்று பேசாது. சரி, மோட்டார் கொட்டகை வாசலில் நிற்பதை வைக்கட்டுமா என்றாள். அதுவும் வேண்டாம், எழுத்து சொன்னதையே படமும் சொல்லும். கடைசியில், பேத்தி முறைக் குழந்தை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு எங்கோ பார்க்கிற சாதாரணப் படம் கிடைத்தது. செருப்பு படத்தில் இல்லை.

காலையில் வைத்தாள். மாமியார் கேட்டது ஒன்றுதான்: "அப்ப நீ தூங்குறதே இல்லையாடி?" நாத்தனார்கள் சிரிக்கும் முகம் அனுப்பினார்கள். அவர் பார்த்துவிட்டார் என்பது பார்த்தவர்கள் பட்டியலில் தெரிந்தது, ஆனால் சாப்பிடும்போது ஒன்றும் பேசவில்லையாம். கறிவேப்பிலையை வழக்கம்போல அடுக்கினாராம்.

மறுநாள் தங்கச்சி போன் செய்தாள். ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்டு வந்திருக்கிறது. எழுந்தவர் செருப்பைக் காலிலேயே மாட்டிக்கொண்டு சரக்கு சரக்கென்று நடந்து, கதவைத் தாராளமாகத் திறந்துகொண்டு போயிருக்கிறார்.

"எப்படியும் முழிச்சுத்தான இருக்கன்னு கேக்குறாக. சொல்லாமலே இருந்திருக்கலாம் போலக்கா."