அழவைக்காத வரி

நல்ல பிரசார வாசகத்தில் நான் ரசிப்பது, அதில் யார் வேலை செய்கிறார் என்பதைத்தான். 'இருளில் வாடும் இந்தப் பிள்ளைக்கு இரங்குங்கள்' என்ற வரியில் பிள்ளை வெறுமனே வாடுகிறது. அதையே 'கணக்குத் தேர்வில் இவள் விடை சொல்வாள், எழுத ஒரு கை வேண்டும். ஒரு காலைப்பொழுது தருவீர்களா?' என்று மாற்றிப் பாருங்கள். பார்வையற்ற மாணவிதான் தேர்வு எழுதுகிறாள், நாம் அவள் சொல்வதைத் தாளில் இறக்குகிறோம். 'வாடும்' போய் 'சொல்வாள்' வந்தது, அவ்வளவுதான். கேட்பதும் அளவாக இருக்கிறது. மறுப்பவர் குற்றவாளி ஆவதில்லை.

குற்ற உணர்வுதானே பணம் திரட்டுகிறது என்பார்கள். 2007இல் ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், பட்டினிப் புள்ளிவிவரங்களைப் படித்தவர்களைவிட, மாலி நாட்டின் ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள் ஏறக்குறைய இரு மடங்கு கொடுத்தார்கள். அவளுடைய பசியை அந்தக் குறிப்பு மறைக்கவில்லை, உண்மைதான். ஆனால் புள்ளிவிவரத்திலும் பசி இருந்தது. இல்லாதது பெயருள்ள ஒரு ஆள். அந்த ஆளைக் காட்டக் கண்ணீர் தேவையில்லை. தேர்வுக்கூடமே போதும்.