யார் சொன்னது, எப்போது சொன்னது

கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பக்கத்திலிருந்து மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும், பிறகு வளைகுடாவுக்கும் ஆள் போன குடும்பங்களில் பழைய படங்கள் ஒரே வீட்டில் இருப்பதில்லை. ஆல்பம் மூத்தவர் வீட்டுப் பீரோவில் இருக்கும். அதிலிருந்து கழன்ற நாலைந்து படம் பினாங்கில் ஒரு தகர டப்பாவில் கிடக்கும். படத்தில் இருப்பது யாரென்று சொல்லக்கூடிய கடைசி மனிதர் மூன்றாவது ஊர் ஒன்றில் மகளோடு இருப்பார். அவர் இருக்கும்போதே ஊர், ஆண்டு, பெயர் மூன்றையும் பின்புறத்தில் எழுதிவிட வேண்டும் என்பது பரவலான யோசனை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களை, பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்ட உதவியோடு மின்படியாக்கியிருக்கிறது. அப்படிப்பட்ட சேகரிப்பில் ஒரு படத்தின் காலத்தைத் தாளையும் உடையையும் பார்த்து வல்லுநர் கணித்துவிடலாம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் யாரென்று வீட்டார்தான் சொல்ல வேண்டும். ஆகவே யோசனை சரியே. ஆனால் அது கேட்கும் மூன்று தகவல் போதாது. சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்ற நாலாவது தகவல் இல்லாவிட்டால் மற்ற மூன்றையும் பிற்காலத்தில் சரிபார்க்க வழியில்லை.

ஒரு படத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கல்யாணக் கூட்டம், அட்டையில் ஒட்டிய கறுப்பு வெள்ளைப் படம். பின்னால் ‘ஜய வருஷம் தை, சிதம்பரம், பெரியப்பா கல்யாணம்’ என்று இருக்கிறது. ஆண்டு, ஊர், ஆள் மூன்றும் கிடைத்துவிட்டதாகத் தோன்றும். முதலில் ஆண்டைப் பார்ப்போம். ஜய வருஷம் 1954 ஏப்ரல் நடுவில் தொடங்கியது. அதன் தை மாதம் 1955 ஜனவரி, பிப்ரவரியில் வருகிறது. அட்டவணையைப் பார்த்து அவசரமாக 1954 என்று எழுதுபவர் ஒரு வருஷம் தவறுகிறார். முதல் குழந்தை 1955 கடைசியில் பிறந்திருந்தால் இந்த ஒரு வருஷ வித்தியாசத்துக்குக் குடும்ப வரலாற்றில் பொருள் உண்டு. அறுபது ஆண்டுச் சுழற்சி என்பதால் அது 1895 தையாகவும் இருக்கலாம் என்பது அடுத்த சந்தேகம். இதைத் தாளும் உடையும் தீர்த்துவிடும். மாப்பிள்ளை கையில் கடிகாரம் கட்டியிருந்தால் 1895 என்ற பேச்சே இல்லை. எனவே ஆங்கில ஆண்டை எழுதும்போது பழைய எழுத்தை அடித்துவிடக் கூடாது. மாற்றிக் கணித்ததை அதன் பக்கத்தில் தனியாக எழுத வேண்டும்.

ஊர் இன்னும் வழுக்கலான விஷயம். ‘சிதம்பரம்’ என்பது கல்யாணம் நடந்த ஊரா, ஸ்டுடியோ இருந்த ஊரா, எழுதியவர் அப்போது குடியிருந்த ஊரா? சுற்றுவட்டாரத்துக்காரர்கள் படம் எடுத்துக்கொள்ளச் சிதம்பரத்துக்கோ கடலூருக்கோ வந்தார்கள். ஸ்டுடியோக்காரரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனார். அட்டை முத்திரை சொல்வது கடையின் முகவரியை மட்டுமே. கடலூர் என்று எழுதியிருந்தாலும் பழைய நகரா, மஞ்சக்குப்பமா, திருப்பாதிரிப்புலியூரா என்ற கேள்வி நிற்கும். 1970களின் படமாக இருந்தால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அப்போது சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய பயணிகள் கப்பலின் பெயர் எம்.வி. சிதம்பரம். ‘சிதம்பரத்தில் எடுத்தது’ என்ற குறிப்புக்குப் பின்னால் கோபுரம் இல்லாமல் கடல் இருக்கலாம்.

மூன்றில் மிக மோசமாக ஏமாற்றுவது ‘பெரியப்பா’. எழுதியவர் யாரென்று தெரியும்வரை அந்தச் சொல் யாரையும் குறிக்காது. எழுதியவரின் மகன் அதைப் படித்துத் தன் பெரியப்பா என்று எடுத்துக்கொண்டால் ஒரு தலைமுறை இறங்கிவிடும். அதற்காகப் பெயரை மட்டும் எழுதினாலும் தீராது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வீடுகளில் ஒரே பெயர் ஒன்று விட்டு ஒரு தலைமுறையில் திரும்பிவரும். தலைப்பெழுத்தும் தகப்பன் பெயரும் சேர்ந்தால்தான் ஆள் பிரிவார். பெண்கள் நிலை இதைவிடக் கஷ்டம். ‘இன்னார் சம்சாரம்’ என்றே பல படங்களில் இருக்கும். கல்யாணத்துக்குப் பின் தலைப்பெழுத்தும் மாறியிருக்கும். ஆகையால் வீட்டில் கூப்பிட்ட பெயர், முழுப்பெயர், பிறந்த வீட்டு ஊர் மூன்றையும் கேட்பது நல்லது. வரிசையைக் குறிக்க, பள்ளி கல்லூரிக் குழுப்படங்களில் அச்சடித்த ‘அமர்ந்திருப்போர், இடமிருந்து வலம்’ முறையே போதும். இடம் என்பது பார்ப்பவரின் இடப்பக்கம் என்று ஒருமுறை சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு பார்த்தால் வேலை நடக்குமா, எண்பத்தைந்து வயதுக்காரரிடம் கிடைத்ததை எழுதிக்கொள்வதுதானே புத்திசாலித்தனம் என்று கேட்கலாம். கிடைத்ததை எழுதத்தான் வேண்டும். ‘நிற்பவர் இடமிருந்து மூன்றாமவர், சொன்னது அவர் தங்கை, 2024 மார்ச், உறுதியாக’ என்று சேர்க்க அரை நிமிஷம் ஆகாது. குடும்பத்துக்குள் இவ்வளவு கறார் எதற்கு என்பது அடுத்த தடை. அதற்குப் பதில் வாட்ஸ்அப் குழுவிலேயே இருக்கிறது. ஒருவர் ஊகமாகச் சொன்ன பெயர் நாலு நாட்டுக்குப் போய், நாலு பேர் அதைத் தங்கள் படியில் எழுதிக்கொண்டபின், பத்து வருஷம் கழித்து நாலு சாட்சிகளாக எதிரே வந்து நிற்கும். சாட்சி ஒன்றுதான் என்பதைச் சொன்னவர் பெயரைத் தவிர வேறு எதுவும் காட்டிக்கொடுக்காது. எழுதாத படத்தைப் பார்ப்பவர் விசாரிப்பார். தவறாக எழுதிய படத்தைப் பார்ப்பவர் விசாரிக்க மாட்டார்.

எதில் எழுதுவது என்பதிலும் கடலூர் மாவட்டத்துக்கென்று ஒரு நியாயம் உண்டு. 2004 ஆழிப்பேரலை, 2011 தானே புயல், 2015 வெள்ளம் என்று தண்ணீர் வீட்டுக்குள் வந்து போன மாவட்டம் இது. நனைந்த படத்தில் பவுண்டன் பேனா மை ஓடிவிடும். பென்சில் எழுத்து நிற்கும். பழைய காகிதத் தாளானால் படத்தைக் கவிழ்த்து, கீழே கண்ணாடி வைத்து, ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதலாம். பால்பாயிண்ட் பேனா முன்பக்கத்தில் தடம் விழச் செய்யும். 1970களுக்குப் பின் வந்த வழவழப்பான வண்ணத் தாளில் பென்சில் பிடிக்காது, சாதாரண மை காயாமல் அடுத்த படத்தில் ஒட்டும். அவற்றுக்கு எண் கொடுத்து விவரத்தைத் தனி நோட்டில் எழுதுவதே மேல். சட்டம் போட்ட படத்தைப் பிரிப்பது ஆபத்து. ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் முகம் பெயர்ந்து வரும். மின்படி எடுக்கும்போது பின்புறத்தையும் எடுத்து, இரண்டையும் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் அளவும் உள்ளே பதிந்த குறிப்பும் குறையாது.

எழுதுவதால் பகை வரும் என்ற அச்சத்தைத்தான் நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். இரண்டாம் தாரம், மறைத்த சாதிக் கலப்பு, பாகம் பிரிக்காத சொத்து எல்லாம் ஒரு பெயரில் வெளியே வரும். அப்படிப்பட்ட பெயரைப் பொதுக் குழுவில் போடாமல் நோட்டில் மட்டும் வைக்கலாம். யார் பார்க்கலாம் என்று சொன்னவரையே கேட்கலாம். பொய்ப் பெயர் எழுதுவது மட்டும் ஆகாது. தெரியாத முகத்துக்கும் இதே கணக்குதான். ‘தெரியவில்லை’ என்று விட்டுவிடாமல், 2024இல் இன்னின்னாரைக் கேட்டோம், பெண் வீட்டார் பக்கம் இன்னும் கேட்கவில்லை என்று எழுதினால், அடுத்து கோலாலம்பூரில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது நோட்டைத் திறப்பவருக்குத் தெரிந்துவிடும்.