தூ, தும், ஆப்: இந்தி உரையாடற் பயிற்சிகள் பற்றிய ஒரு நோக்கு

இந்தி மொழியின் முன்னிலைப் பெயர்கள் தூ, தும், ஆப் என மூன்றாம். மிக நெருக்கமானோர், குழந்தைகள், இறைவன் ஆகியோரை விளிக்கத் தூ வரும். சினத்திலும் இகழ்ச்சியிலும் அதுவே வரும். ஒத்த வயதினர்க்கும் இளையோர்க்கும் தும் பொருந்தும். மூத்தோர்க்கும் அறிமுகமற்றோர்க்கும் ஆப் உரியது. தொடக்க நூல்கள் பெரும்பாலும் இதனை ஓர் அட்டவணையாகத் தந்துவிட்டு உரையாடலுக்குச் சென்றுவிடுகின்றன. ஆயின் இடர்ப்பாடு பெயரில் இல்லை; அதனைத் தொடரும் வினையிலேயே உள்ளது.

'போ' என்னும் ஏவல் தூவுடன் ஜா என்றும், தும்முடன் ஜாவோ என்றும், ஆப்புடன் ஜாயியே என்றும் வரும். நிகழ்காலத்தில் ஆண்பாலுக்குத் தூ ஜாத்தா ஹை, தும் ஜாத்தே ஹோ, ஆப் ஜாத்தே ஹைங் என அமையும். பேச்சில் பெயர் தொக்கு நிற்றல் இயல்பு. அவ்விடத்து 'கஹாங் ஜா ரஹே ஹோ?' என்ற வினாவின் ஈற்றிலுள்ள ஹோ ஒன்றே விளிக்கப்பட்டவரின் தகுதியை உணர்த்தி விடுகின்றது.

கண்டியிலோ பேராதனையிலோ இம்மொழி கற்கும் ஒரு வகுப்பில் மூவகைப் பேச்சுவழக்கினர் ஒருங்கே அமரக்கூடும். யாழ்ப்பாணத்து மாணவருக்கு நீ, நீர், நீங்கள் என்ற மூன்று படிகளும், வா, வாரும், வாருங்கள் என்ற வினைகளும் வாழ்வழக்கில் உள்ளன. ஆகவே தும் என்பதனை நீர் என்பதனோடு ஒப்பிட்டு அவர் எளிதில் உணர்வார். மலையகத் தோட்டப் பேச்சில் பெரும்பாலும் நீ, நீங்க என்ற இரண்டே வழங்குவதால், நடுப்படியை அம்மாணவர் புதிதாகவே பழகவேண்டும். சிங்களப் பேச்சுவழக்கிலோ உம்ப, ஒயா எனப் பெயர் மாறினும், யனவா என்ற வினை மாறுவதில்லை. அம்மாணவர் பெயரைச் சரியாகத் தெரிந்து, வினையீற்றில் வழுவுதற்கு இது காரணமாகலாம். தமிழர்க்கு வேறொரு வழு நேர்கின்றது. 'போகிறீர்கள்' என்பது இருபாலார்க்கும் பொது. இந்தியிலோ பெண்ணை நோக்கி ஆப் ஜாத்தீ ஹைங் என்றே கூறவேண்டும்.

இனி ஒரு பயிற்சியை எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியர் மாணவனை 'தும் கஹாங் ரஹ்தே ஹோ?' என வினவுகின்றார். அவன் 'மைங் கண்டி மேங் ரஹ்தா ஹூங்' என விடையிறுத்து, அதே வினாவை ஆசிரியரிடம் திருப்பிக் கேட்கவேண்டும். 'ஆப் கஹாங் ரஹ்தே ஹைங்?' என்பதே ஏற்ற வடிவம். காதில் விழுந்த வினையை அப்படியே மீட்டு 'ஆப் கஹாங் ரஹ்தே ஹோ?' என அவன் கூறுவானாயின், பெயர் உயர்ந்தும் வினை தாழ்ந்தும் நிற்கும். தில்லி முதலிய நகரங்களில் 'ஆப் ஜாவோ' போன்ற கலப்பு பேச்சில் கேட்கப்படுவதுண்டு. எனினும் எழுத்து வழக்கு அதனை ஏற்பதில்லை.

இத்தகைய சமமின்மையே உரையாடலின் உயிர். 'தும் என்பதனை ஆப் என மாற்றி எழுதுக' என்னும் பயிற்சியோ இருவர் கூற்றையும் ஒருங்கே மாற்றிவிடுகின்றது. இலக்கணம் பிழைபடுவதில்லை, ஆனால் ஆசிரியர் சிறுவனுக்குக் காட்டும் உரிமை மறைந்து, அறிமுகமற்ற இருவரின் பேச்சாக அது மாறிவிடுகின்றது. எல்லோரும் எல்லோரையும் ஆப் என விளிக்கும் பாடங்களும் இக்குறையுடையனவே. அவற்றை மட்டும் பயின்றவர், நண்பரொருவர் தும் என அழைக்கும்போது அது நட்பின் அடையாளமா, மதிப்பின்மையா எனத் தடுமாறுவர்.

பயிற்சிக்குத் தெரியும் காலமும் கருதத்தக்கது. 'தும் கப் ஆயே?', 'ஆப் கப் ஆயே?' என இறந்தகாலத்தில் வினை ஒன்றாகவே நிற்கும். செயப்படுபொருள் குன்றாவினையில் 'தூனே க்யா தேகா?', 'தும்னே க்யா தேகா?', 'ஆப்னே க்யா தேகா?' என மூன்றிற்கும் வேறுபாடில்லை. ஏனெனில் அங்கு வினை எழுவாயை விட்டுச் செயப்படுபொருளைத் தழுவுகின்றது. தமிழில் பார்த்தாய், பார்த்தீர், பார்த்தீர்கள் என வேறுபாடு நிலைத்திருத்தல் ஒப்புநோக்கத்தக்கது. எனவே இறந்தகால உரையாடலில் முழுப்புள்ளி பெற்றவர் வினையீறுகளை அறிந்தவர் என்று துணிதல் பொருந்தாது. ஏவல், நிகழ்காலம், எதிர்காலம் ஆகியவற்றிலேயே அவ்வறிவு சோதிக்கப்படும். எதிர்காலத்தில் ஜாவோகே, ஜாயேங்கே என வேறுபாடு மீண்டும் தோன்றுகின்றது.

இக்குறைகளை நீக்குதல் அரிதன்று. ஒவ்வோர் உரையாடலுக்கும் முன்னே பேசுவோர் யாவர், வயது யாது, பழக்கம் எத்தகையது என்பன குறிக்கப்படல் வேண்டும். பின்னர்ப் பெயர்களை நீக்கி வினைகளை மட்டும் கொடுத்து, யார் யாரிடம் பேசுகின்றார் என மாணவரே கண்டுரைக்குமாறு வினா அமைக்கலாம். ஹோ என்றும் ஹைங் என்றும் வரும் ஈறுகளைக் கொண்டு தந்தையையும் மகனையும் பிரித்தறிய வல்லவரே அவ்வட்டவணையைக் கற்றவராவர்.